ஏ.சி.எல். அறுந்த முழங்கால், கழன்ற தோள்: கபடி வீரருக்குச் சத்திரசிகிச்சையா, பயிற்சியா?

ரெய்டுக்குப் போனவர் நடுக்கோட்டை நோக்கித் திரும்புகிறார். பாதம் தரையில் பதிந்திருக்கிறது. மூலையில் நின்றவர் அந்தக் கணுக்காலைப் பிடித்துவிட்டார். உடம்பு திரும்பிவிடுகிறது, பாதம் திரும்பவில்லை. அந்த முறுக்கு முழுவதையும் வாங்குவது முழங்கால். கபடியில் ஏ.சி.எல். எனப்படும் முன் சிலுவை நார் அறுவது பெரும்பாலும் இப்படித்தான். சில சமயம் பிடியே இருக்காது; போனஸ் கோட்டைத் தொட்டுவிட்டு வேகமாகத் திசை மாற்றும்போது முழங்கால் உள்பக்கம் சரிந்தாலே போதும்.

அதன் பிறகு வீட்டிலும் மைதானத்திலும் எழும் கேள்வி ஒன்றுதான்: “ஒபரேஷன் செய்யவா, விடவா?” மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இதற்கு மூன்று திசைகளிலிருந்து பதில் வரும். வைத்தியசாலை ஒன்று சொல்லும், முறிவு நெரிவு வைத்தியர் ஒன்று சொல்வார், ஏற்கெனவே அடிபட்டு விளையாட வந்த மூத்த வீரர் இன்னொன்று சொல்வார். மூன்றையும் ஒரே தராசில் வைக்க ஓர் அளவுகோல் வேண்டும். நார் அறுந்ததா இல்லையா என்பதைவிட, அந்த மூட்டு இனியும் எத்தனை தடவை இடம் பெயரப்போகிறது என்பதுதான் அந்த அளவுகோல். முழங்கால் சறுக்கி மடியும் ஒவ்வொரு தடவையும் உள்ளே மெத்தை போல இருக்கும் மெனிஸ்கஸ் கிழிய வாய்ப்புண்டு. தோள் கழலும் ஒவ்வொரு தடவையும் குழியின் விளிம்பு எலும்பு தேயலாம். அறுந்த நாரைப் பிறகும் மாற்றலாம்; தேய்ந்த எலும்பையும் கிழிந்த மெனிஸ்கஸையும் அவ்வளவு இலகுவாக மீட்க முடியாது.

முதல் வாரம்

அடிபட்ட கணத்தில் ‘டப்’ என்று ஒரு சத்தமோ உணர்வோ, அதன்பின் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குள் முழங்கால் பந்து போல வீங்குவது: இவை இரண்டும் சேர்ந்தால் ஏ.சி.எல். அறுந்திருக்கலாம் என்றே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு வேகமாக வீங்குவது பெரும்பாலும் மூட்டுக்குள் இரத்தம் கசிவதால். அடுத்த நாள் காலைதான் மெல்ல வீங்குகிறது என்றால் மெனிஸ்கஸ் மட்டும் பாதிக்கப்பட்டிருக்கும் சாத்தியம் கூடுதல்.

நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லை, முழங்காலைச் செங்கோணம் வரை மடக்க முடியவில்லை, முழங்காற் சில்லிலோ வெளிப்பக்கக் குமிழ் எலும்பிலோ தொட்டால் கூர்மையான நோவு இருக்கிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். முழங்கால் ஏதோ சிக்கியது போல முழுதாக நிமிராமல் பூட்டிக்கொண்டால் அது வேறு விடயம். கிழிந்த மெனிஸ்கஸ் துண்டு மூட்டுக்குள் புகுந்து தடுக்கிறதாக இருக்கலாம். அங்கே “மூன்று மாதம் பார்ப்போம்” என்ற தெரிவே கிடையாது; எலும்பு வைத்திய நிபுணரிடம் விரைவாகப் போக வேண்டும்.

இந்த நாட்களில் மிகவும் கெடுப்பது இரண்டு. முதலாவது, எண்ணெய் காய்ச்சிச் சூட்டோடு உருவுவது. உள்ளே இரத்தம் கசியும்போது சூடும் உருவலும் வீக்கத்தைக் கூட்டும். பரம்பரை வைத்தியத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. முதல் நாட்களுக்கு அது பொருந்தாது, அவ்வளவுதான். இரண்டாவது, நோவு குறைகிறது என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுப்பது. மடிந்தபடியே கிடக்கும் கால் ஒன்றிரண்டு வாரத்தில் முழுதாக நிமிர மறுக்கும், பிறகு எந்தத் தெரிவை எடுத்தாலும் அது பின்னால் இழுக்கும். தலையணையைக் குதிக்காலுக்கு அடியில் வையுங்கள், முழங்கால் அந்தரத்தில் இருக்கட்டும். 10 நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு தடவை.

நிமிர்கிறதா என்று வீட்டிலேயே அளக்கலாம். கட்டிலில் குப்புறப் படுத்து, முழங்காலுக்குக் கீழ் இரண்டு கால்களும் விளிம்புக்கு வெளியே தொங்க வேண்டும். பின்னால் நின்று பார்ப்பவர் இரு குதிக்கால்களின் உயரத்தையும் ஒப்பிடட்டும். ஒரு சென்ரிமீற்றர் வித்தியாசம் ஏறத்தாழ ஒரு பாகை குறைவு. ஐந்து சென்ரிமீற்றர் என்றால் சத்திரசிகிச்சைக்கும் நேரம் வரவில்லை, ஓடுவதற்கும் நேரம் வரவில்லை.

மூன்று வழிகள்

முதல் வழி, சில வாரங்களில் ஏ.சி.எல். மாற்றுச் சத்திரசிகிச்சை, அதன்பின் பயிற்சி. இரண்டாவது, மூன்று மாதம் ஒழுங்கான பயிற்சி, அதன்பின் தேவையானால் சத்திரசிகிச்சை. மூன்றாவது, சத்திரசிகிச்சை இல்லாமலே பயிற்சி, கூடவே கபடியை விடுவது. நான்காவதாக ஒன்று நடைமுறையில் உண்டு: வீக்கம் வடிந்ததும் முழங்கால் உறையைப் போட்டுக்கொண்டு அடுத்த போட்டிக்கு இறங்குவது. மெனிஸ்கஸைக் கிழிக்கும் வழி அதுதான் என்பதால் இந்த ஒப்பீட்டில் அதற்கு இடமில்லை. உறை மூட்டை இளஞ்சூடாக வைத்திருக்கும். கணுக்காலைப் பிடித்தவன் தரும் முறுக்கை அது தடுக்காது.

முதல் வழிக்கும் இரண்டாம் வழிக்கும் இடையிலான ஒப்பீட்டைச் சுவீடனில் 121 இளவயதினரிடம் நேரடியாகச் செய்து பார்த்தார்கள். ஒரு பிரிவினருக்கு ஆரம்பத்திலேயே சத்திரசிகிச்சையும் பயிற்சியும். மற்றப் பிரிவினருக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் பின்னர் சத்திரசிகிச்சை. 2010இல் வெளியான முடிவின்படி, இரண்டு ஆண்டு கழித்து நோவு, இயக்கம், வாழ்க்கைத் தரம் ஆகியவற்றில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. பயிற்சிப் பிரிவில் இரண்டு ஆண்டுக்குள் சத்திரசிகிச்சைக்குப் போனவர்கள் 59 பேரில் 23 பேர். ஐந்தாம் ஆண்டில் ஏறக்குறைய பாதிப் பேர்.

இதை வைத்து “ஒபரேஷன் தேவையில்லை” என்று சொல்பவர்களும் உண்டு. அந்த ஆய்வில் தொழில்முறை விளையாட்டு வீரர்கள் சேர்க்கப்படவில்லை என்பதை மறக்கக்கூடாது. அது உறுதியாகக் காட்டுவது ஒன்றுதான்: மூட்டு பூட்டிக்கொள்ளாதவரை, முதலில் பயிற்சி செய்து பார்த்தவர்கள் இரண்டு ஆண்டு கழித்து நோவிலும் இயக்கத்திலும் பின்தங்கவில்லை. திருப்பமும் மோதலும் உள்ள கபடிக்கு மறுபடி வருவேன் என்று உறுதியாக இருப்பவருக்கு, பெரும்பாலும் முடிவில் சத்திரசிகிச்சைதான் பொருந்தும். அவருக்கும் அதற்கு முந்திய பயிற்சி வீண் போகாது. வீக்கம் வடிந்து, கால் முழுதாக நிமிர்ந்து, முன்தொடைத் தசை மற்றக் காலின் 80 வீதத்துக்கு மேல் வந்தபின் சத்திரசிகிச்சைக்குப் போகிறவரின் முழங்கால் பின்னர் இறுகிப்போகும் ஆபத்து குறைவு. ஆகவே அரச வைத்தியசாலையில் திகதிக்காகக் காத்திருக்கும் மாதங்களைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை எதிர்பார்க்க வேண்டாம்: பிற்காலத்தில் மூட்டுத் தேய்வு வராமல் சத்திரசிகிச்சை தடுத்துவிடும் என்பது நிரூபிக்கப்படவில்லை.

நாரை எங்கிருந்து எடுப்பது என்பதையும் நிபுணரிடம் கேட்டுப் பேச வேண்டும். பின்தொடைத் தசைநாரை எடுத்தால் வெட்டு சிறியது, முழங்காலிட நோவு குறைவு. ஆனால் ரெய்டரின் வேகத்துக்கும் திடீர் நிறுத்தத்துக்கும் வேண்டிய தசை அது. முழங்காற் சில்லுக்குக் கீழுள்ள நாரை எடுத்தால் பிடிப்பு உறுதி. ஆனால் முழங்காலிடும்போது நோவு நீண்ட காலம் இருக்கலாம். முழங்காலைத் தரையில் ஊன்றிப் பாய்ந்து பிடிக்கும் மூலைக்காரருக்கு அது சிறிய விடயமல்ல. திருகாணி போன்ற பொருட்களை வெளியில் வாங்க வேண்டிவருமா என்பதையும் அதே நாளில் கேட்டுவிடுங்கள். 14, 15 வயதுப் பாடசாலை வீரர் என்றால் எலும்பு வளரும் தட்டு இன்னும் மூடாமல் இருக்கலாம். அதற்கு வேறு முறை உண்டு, பெரியவருக்கான முடிவை அப்படியே எடுக்கக்கூடாது.

ஓர் உதாரணம்

22 வயது ரெய்டர் என்று வைத்துக்கொள்வோம். களுவாஞ்சிகுடிப் பக்கம் வீடு, வேலை மேசன். எம்.ஆர்.ஐ.யில் ஏ.சி.எல். முழுதாக அறுந்திருக்கிறது, மெனிஸ்கஸ் நலம். சித்திரைப் புத்தாண்டுப் போட்டிக்கு நான்கு மாதம் இருக்கிறது. அந்தப் போட்டி எந்த வழியிலும் அவருக்கு இல்லை. இதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் எல்லாப் பயிற்சியும் அந்தத் திகதியைச் சுற்றியே அவசரப்படும்.

முதல் மாதம் அவர் செய்வது நிமிர்த்தலும் முன்தொடைத் தசையை எழுப்புவதும். முழங்காலைத் தரையோடு அழுத்தி, தசையை இறுக்கி 10 செக்கன் பிடிப்பது, 10 தடவை, நாளில் பல முறை. காலை நிமிர்த்தியபடி தூக்கும்போது முழங்கால் சற்று மடிந்துபோனால் தசை இன்னும் வேலை செய்யவில்லை என்று பொருள். ஊன்றுகோலை விட்டுவிட அவசரப்பட வேண்டாம். இரண்டாம் மாதம் சைக்கிள், சுவரில் சாய்ந்து அமர்தல், 20 சென்ரிமீற்றர் உயரப் படியில் ஏறி மெதுவாக இறங்குதல். மூன்றாம் மாதம் பாரத்தோடு, வாரத்தில் மூன்று நாள், 8 தொடக்கம் 12 தடவை வீதம் மூன்று நான்கு சுற்று. ஜிம் இல்லாவிட்டால் நீர் நிரப்பிய கேன் போதும்: 5 லீற்றர் கேன் ஏறத்தாழ 5 கிலோ. அளவு சரியா என்பதை அடுத்த நாள் முழங்கால் சொல்லும். காலையில் வீக்கம் கூடியிருந்தால் நேற்றைய பாரம் அதிகம், ஒரு படி குறைக்க வேண்டும். நோவு மட்டும் சற்று இருந்து வீக்கம் கூடாவிட்டால் தொடரலாம்.

மூன்று மாதம் முடிவில் அவர் பார்க்க வேண்டியது: அடிபட்ட பிறகு அன்றாட வேலையில் எத்தனை தடவை முழங்கால் சறுக்கி மடிந்தது? சாரத்தில் ஏறும்போதும் வரம்பில் நடக்கும்போதும் ஒரு தடவைக்கு மேல் மடிந்திருந்தால், கபடியை விட்டாலும் அவருக்குச் சத்திரசிகிச்சை பற்றிப் பேசுவது நியாயம். ஒரு தடவையும் மடியவில்லை, கபடியை விட்டுவிட்டு வேலையை மட்டும் செய்யப்போகிறார் என்றால் மூன்றாம் வழியே போதும். நமது உதாரண ரெய்டருக்கு இருமுறை மடிந்திருக்கிறது, அவர் திரும்ப விளையாடவும் விரும்புகிறார். அவருக்கு விடை தெளிவு.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு

ஏமாற்றும் காலம் இங்கேதான் வருகிறது. இரண்டு மூன்று மாதத்தில் நோவு போய்விடும், நடை சரியாகிவிடும், வீட்டுக்காரரும் “சுகமாகிட்டுது” என்பார்கள். ஆனால் பொருத்திய நார் முதலில் பலம் இழந்து பிறகுதான் புதிதாகப் பலம் பெறும். அது மிகவும் பலவீனமாக இருப்பது இந்த மாதங்களில்தான். நேர்கோட்டில் மெதுவாக ஓடுவது 12 வாரத்துக்கு முன் வேண்டாம். அப்போதும் வீக்கம் இருக்கக்கூடாது, கால் முழுதாக நிமிர வேண்டும். ஓட்டத்தைக் கடற்கரை மணலில் தொடங்க வேண்டாம். கல்லடி மணலில் பாதம் எப்படி இறங்கும் என்று கணிக்க முடியாது. இறுகிய தரை நல்லது.

9 மாதத்துக்கு முன் மோதல் விளையாட்டுக்குத் திரும்புவதைத் தவிர்க்கச் சொல்வதற்கு ஆதாரம் உண்டு. நோர்வேயிலும் அமெரிக்காவிலும் வீரர்களைப் பின்தொடர்ந்து 2016இல் வெளியான ஆய்வில், 9 மாதம் வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுபடி அடிபடும் வீதத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. ஆனால் நாட்காட்டி மட்டும் போதாது. ஒன்பது மாதம் வீட்டில் இருந்தவரும் ஒன்பது மாதம் பயிற்சி செய்தவரும் ஒன்றல்ல.

எனவே அளக்க வேண்டும். ஒற்றைக் காலில் தாண்டி அதே காலில் ஊன்றி நிற்கும் தூரத்தை அளவு நாடாவால் மூன்று தடவை அளந்து, சிறந்ததை எடுங்கள். நல்ல கால் 165 சென்ரிமீற்றர், அடிபட்ட கால் 150 என்றால் 91 வீதம், தேர்ச்சி என்று தோன்றும். அதே ஆள் இருந்தபடி காலை நீட்டும் ஜிம் இயந்திரத்தில் நல்ல காலால் 30 கிலோவைப் பத்துத் தடவை தூக்குகிறார், அடிபட்ட காலால் 21 கிலோதான். அது 70 வீதம், தேர்ச்சி இல்லை. தாண்டும்போது இடுப்பும் கணுக்காலும் முழங்காலின் குறையை மறைத்துவிடும். தனியாகத் தசையை அளக்கும்போதுதான் பிடிபடும். இரண்டிலும் 90 வீதம் வேண்டும். நல்ல காலும் இந்த மாதங்களில் மெலிந்திருக்கும் என்பதால், சத்திரசிகிச்சைக்கு முன்பே நல்ல காலின் அளவுகளை எழுதி வைத்தால் ஒப்பீடு நேர்மையாக இருக்கும்.

அளவுகள் சரியான பிறகும் மைதானத்துக்குப் படிப்படியாகத்தான். முதலில் ஆளில்லாத களத்தில் கால் வேலை. பிறகு ஒருவர் எதிரே நிற்பார், பிடிக்கமாட்டார். பிறகு இடுப்புக்கு மேல் மட்டும் பிடி, அதுவும் எந்தப் பக்கமிருந்து வரும் என்று சொல்லிவிட்டு. கணுக்கால் பிடியும் தொடைப்பிடியும் கடைசியில், முதலில் பாதி வேகத்தில். ஒவ்வொரு படிக்கும் ஒரு வாரத்துக்குக் குறையாமல் விடுங்கள். வீங்கினால் ஒரு படி பின்னால். பாயில் விளையாடுகிறவர் சப்பாத்தின் பிடிப்பையும் கவனிக்க வேண்டும்: மண்ணில் பாதம் சற்று வழுக்கி முறுக்கைக் குறைக்கும், பாயில் அது நடக்காது. மண்ணில் பழகிவிட்டு நேரே பாயில் நடக்கும் போட்டிக்குப் போவது நல்ல யோசனை அல்ல.

தோளுக்குக் கணக்கு வேறு

முழங்காலில் பொறுத்துப் பார்க்கச் சொன்ன அதே அளவுகோல், இளம் வீரரின் தோளில் எதிர்ப்பக்கம் சாய்கிறது. தோள் மூட்டு ஒரு சிறு தட்டில் வைத்த தோடம்பழம் போன்றது. விளிம்பில் ஒட்டியிருக்கும் குருத்தும் சுற்றியுள்ள தசையும்தான் பிடித்து வைத்திருக்கின்றன. ஓடும் ரெய்டரின் தொடையைக் கை நீட்டிப் பிடிக்கும்போது கை பின்னால் இழுபட்டாலோ, நடுக்கோட்டைத் தொடப் பாய்ந்த ரெய்டரின் நீட்டிய கைமேல் மூன்று பேர் விழுந்தாலோ, தோள் முன்பக்கமாகக் கழன்று அந்தக் குருத்தையும் விளிம்பிலிருந்து பிய்த்துவிடும்.

மைதானத்தில் யாரும் இழுத்துப் போடக் கூடாது. உடைந்த எலும்பும் வெளியிலிருந்து பார்க்க அப்படியே இருக்கும். கையை உடம்போடு சேர்த்துத் துணியால் தாங்கி, தோளின் வெளிப்பக்கத் தோலில் உணர்வு இருக்கிறதா, விரல்கள் அசைகின்றனவா என்று பார்த்து வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். மரத்துப்போயிருந்தால் அதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும், அங்கே ஓடும் நரம்பு நசுங்கியிருக்கலாம். வைத்தியசாலையில் தோளைத் திரும்பப் போடுவதற்கு முன்னும் பின்னும் எக்ஸ்ரே வேண்டும்.

முதல் தெரிவு: தூக்குக் கட்டு, அதன்பின் பயிற்சி. கட்டு ஒன்று முதல் மூன்று வாரம் போதும். ஆறு வாரம் கட்டி வைத்தால் மறுபடி கழலாது என்பதற்கு ஆதாரம் இல்லை, தோள் இறுகுவதுதான் மிச்சம். பிறகு முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, றப்பர் பட்டியை வெளிப்பக்கமாக இழுக்கும் பயிற்சி, தோள்பட்டை எலும்பை நிலைப்படுத்தும் பயிற்சி. கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பின்னால் திருப்பும் நிலையை முதல் ஆறு வாரம் தவிர்க்க வேண்டும். வாவியில் வீச்சுவலை எறிகிறவருக்கு இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். கபடியை விட்டாலும் அவர் தொழிலில் தோள் போய் நிற்கும் நிலை அதுவே.

பிரச்சினை என்னவென்றால், இளம் ஆண்களில், அதுவும் மோதல் விளையாட்டில், முதல் தடவை கழன்ற தோள் பயிற்சி செய்தும் பாதிக்கு மேற்பட்டோருக்கு மறுபடி கழல்கிறது. முப்பது வயதைத் தாண்டியவருக்கு அந்த ஆபத்து நன்றாகக் குறையும். ஆகவே 35 வயதில் முதல் தடவை கழன்றவருக்குப் பயிற்சி நல்ல தெரிவு. 19 வயதுப் பிடிகாரருக்கு, முதல் தடவையிலேயே சத்திரசிகிச்சை பற்றி நிபுணரிடம் கேட்பது அவசரப்படுவதாகாது.

அங்கும் இரண்டு வகை. கமராக் குழாய் வழியாகப் பிய்ந்த குருத்தைத் திரும்பத் தைப்பது ஒன்று. விளிம்பு எலும்பு தேய்ந்திருந்தால் அருகிலுள்ள எலும்புத் துண்டை வெட்டி அங்கே திருகாணியால் பொருத்துவது மற்றது. எதற்குப் போவது என்று கணிக்க வைத்தியர்கள் பயன்படுத்தும் புள்ளி முறை ஒன்று உண்டு. வயது 20 அல்லது அதற்குக் கீழ் என்றால் 2, போட்டி மட்டத்தில் விளையாடினால் 2, மோதல் விளையாட்டு என்றால் 1, மூட்டுகள் இயல்பாகவே தளர்வானவை என்றால் 1, எக்ஸ்ரேயில் பந்து எலும்பில் பள்ளம் தெரிந்தால் 2, குழி விளிம்பு தேய்ந்திருந்தால் 2. ஆறுக்கு மேல் போனால் வெறும் தையல் நிற்காமல் போகும் வாய்ப்பு அதிகம்.

நமது 19 வயதுப் பிடிகாரர் எக்ஸ்ரே எடுக்கும் முன்பே 2, 2, 1 என்று ஐந்தில் நிற்கிறார். முதல் தடவை கழன்றபோது எலும்பு நலமாக இருந்தால் தையல் போதும். “பிறகு பார்ப்போம்” என்று இன்னும் இரண்டு சீசன் விளையாடி, நாலு தடவை கழன்று, பந்தில் பள்ளமும் விளிம்பில் தேய்வும் வந்தால் அவர் ஒன்பதில் நிற்பார். அப்போது 20ஐத் தாண்டியிருந்து வயதுக்கான இரண்டைக் கழித்தாலும் ஏழு. சிறிய சத்திரசிகிச்சையில் முடிந்திருக்க வேண்டியது எலும்பு வெட்டிப் பொருத்தும் வேலையாகிவிடுகிறது.

தைத்த தோளுக்கு நான்கு முதல் ஆறு வாரம் தூக்குக் கட்டு, பிடிகளுக்குத் திரும்ப ஆறு மாதம். அதற்கு முன் ஒரு சோதனை: மல்லாந்து படுத்து, கையைத் தோள் உயரத்தில் விரித்து, முழங்கையை மடக்கி, பயிற்சி தருபவர் உள்ளங்கையை மெல்லத் தலைப்பக்கமாகச் சாய்க்கட்டும். நோவு வந்தால் பயிற்சியைத் தொடரலாம். நோவு இல்லாமல் முகத்தில் “கழலப்போகுது” என்ற பயம் வந்தால், அல்லது அவர் தன்னையறியாமல் கையை இறுக்கினால், அந்தத் தோள் இன்னும் தயாரில்லை. இந்தச் சோதனையை மைதானத்தில் வேகமாகச் செய்து பார்க்க வேண்டாம், இயன்மருத்துவரே செய்யட்டும்.